தேதி சனி, ஞாயிறா என்று கண்டுபிடிக்க WEEKDAY: அந்த இரண்டாவது எண்ணை விட்டுவிடாதீர்கள்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன ஹால் இருக்கிறது. பிறந்தநாள், வளைகாப்பு மாதிரியான விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சாதாரண நாளில் 4,000 ரூபாய், சனி, ஞாயிறில் 6,000 ரூபாய். கணக்கு என் பொறுப்பு. 2024 ஜூலை மாதத்துக்கு எக்செல்லில் ஒரு தாள் போட்டு, எந்தெந்த நாள் வார விடுமுறை என்று ஒரு பார்முலாவே சொல்லும்படி செய்திருந்தேன். ஜூலை 12-ஆம் தேதி வளைகாப்பு நடத்திய அம்மா பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, வெள்ளிக்கிழமைக்கு எதுக்கு ஞாயித்துக்கிழமை வாடகை?"

அவர் கேட்டது நியாயம். நான் எழுதியிருந்த பார்முலா இது:

```
=IF(WEEKDAY(A2)>5,"வார விடுமுறை","வேலை நாள்")
```

பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். வாரத்துக்கு ஏழு நாள், கடைசி இரண்டும் விடுமுறை, அதனால் 5-க்கு மேல். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது.

முதலில் தாள்

A நெடுவரிசையில் தேதிகள் இருக்கட்டும். A2-இல் 1-7-2024 என்று அடித்து, செல்லின் மூலையைப் பிடித்து 31 வரை இழுத்துவிடுங்கள். B நெடுவரிசையில் கிழமையின் பெயரை வரவழையுங்கள்:

```
=TEXT(A2,"dddd")
```

கணக்குக்கு இது தேவையே இல்லை, கண்ணுக்குத்தான். ஆனால் இந்த நெடுவரிசை இல்லாமல் WEEKDAY பக்கமே போகாதீர்கள் என்பேன். அன்று B நெடுவரிசை இருந்திருந்தால், Friday என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே "வார விடுமுறை" என்று வந்து நின்றிருக்கும், அப்போதே பிடித்திருப்பேன். கிழமை தமிழில் வேண்டுமென்றால் "[$-449]dddd" என்று கொடுங்கள். 449 என்பது தமிழுக்கான குறியீடு.

இப்போது WEEKDAY

இந்த பங்ஷன் ஒரு தேதியை வாங்கிக்கொண்டு ஓர் எண்ணைத் தரும். எந்தக் கிழமைக்கு எந்த எண் என்பதை முடிவு செய்வது அடைப்புக்குள் இரண்டாவதாக வரும் `return_type`. அதை எழுதாமல் விட்டால் எக்செல் 1 என்று எடுத்துக்கொள்ளும். நான் விழுந்த குழி அதுதான்.

வகை 1-இல் வாரம் ஞாயிறில் தொடங்கும். ஞாயிறு 1, திங்கள் 2, இப்படியே போய் வெள்ளி 6, சனி 7. இதில் 5-க்கு மேல் என்று கேட்டால் வெள்ளியும் சனியும் மாட்டும், ஞாயிறு தப்பித்துவிடும். வளைகாப்பு அம்மா கூடுதலாக 2,000 கொடுத்தார். 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிறந்தநாள் விழா நடத்தியவர் 4,000 மட்டும் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் எதற்குச் சொல்லப் போகிறார்?

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. பார்முலா போட்டதும் மொத்தம் எத்தனை விடுமுறை நாள் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். எட்டு வந்தது. காலண்டரில் அந்த ஜூலையில் நான்கு சனி, நான்கு ஞாயிறு, அதுவும் எட்டு. சரி, ஒத்துப்போகிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த மாதம் வெள்ளிக்கிழமைகளும் நான்குதான்! தப்பான எட்டும் சரியான எட்டும் ஒரே எட்டு. அதனால் மொத்தத்தை வைத்துச் சரிபார்க்காதீர்கள். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்து, அந்த ஒரு வரி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தீர்வு ஒரே ஒரு எண்:

```
=IF(WEEKDAY(A2,2)>5,"வார விடுமுறை","வேலை நாள்")
```

வகை 2-இல் திங்கள் 1. சனி 6, ஞாயிறு 7. விடுமுறை இரண்டும் கடைசியில் சேர்ந்து உட்காரும், அதனால் `>5` சரியாக வேலை செய்யும். இதை C2-இல் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்.

வகை 3 என்றும் ஒன்று உண்டு. அதிலும் வாரம் திங்களில்தான் தொடங்கும், ஆனால் எண் 0-இலிருந்து. சனி 5, ஞாயிறு 6. அதைப் போட்டுவிட்டு `>5` என்றே விட்டால் ஞாயிறு மட்டும் மாட்டும், சனி விட்டுப்போகும். நிரல் எழுதுகிறவர்களுக்குப் பூஜ்யத்தில் தொடங்குவது பிடிக்கலாம். வாடகைக் கணக்குப் போடுகிறவனுக்கு அது வேண்டாத வேலை.

வகை 1-ஐயே வைத்துக்கொண்டு `OR(WEEKDAY(A2)=1,WEEKDAY(A2)=7)` என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தப்பில்லை, விடை சரியாகவே வரும். ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது 1 என்ன, 7 என்ன என்று மறுபடி யோசிக்க வேண்டும். எனக்கு `,2)>5` பழகிவிட்டது.

காலி வரி

மாதம் 30 நாளோடு முடிந்தாலும் பார்முலாவை 32-ஆம் வரி வரை இழுத்துவிடுவது என் வழக்கம். அங்கே A32 காலி. ஆனால் C32 "வார விடுமுறை" என்று சொல்லும். காலிச் செல்லை WEEKDAY பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. எக்செல்லில் பூஜ்யமாவது நாள் சனிக்கிழமை. கூகுள் ஷீட்ஸில் பூஜ்யம் என்றால் 30-12-1899, அதுவும் சனிக்கிழமைதான். ஆக எங்கே போட்டாலும் காலி வரி விடுமுறையாகிவிடும். முன்னால் ஒரு தடுப்பு வையுங்கள்:

```
=IF(A2="","",IF(WEEKDAY(A2,2)>5,"வார விடுமுறை","வேலை நாள்"))
```

நிறம் வேண்டுமா?

எனக்கு வேண்டும். எங்கள் அப்பா தாளில் எழுத்தைப் படிக்கமாட்டார், நிறத்தைத்தான் பார்ப்பார். A2 முதல் D32 வரை தேர்ந்தெடுத்து, Home-இல் Conditional Formatting, New Rule, அதில் "Use a formula to determine which cells to format". அங்கே இதை அடியுங்கள்:

```
=AND($A2<>"",WEEKDAY($A2,2)>5)
```

A-க்கு முன்னால் உள்ள டாலர் குறி முக்கியம். அது இல்லாவிட்டால் B நெடுவரிசைக்கு வரும்போது B2-ஐத் தேதி என்று நினைத்துக்கொள்ளும், வரி முழுவதும் நிறம் வராது. 2-க்கு முன்னாலும் டாலர் போட்டுவிட்டால் எல்லா வரியும் முதல் தேதியையே பார்க்கும். எனக்கு அப்படி ஆகி, முழுத் தாளும் வெள்ளையாகவே இருந்தது. ஜூலை 1 திங்கட்கிழமை!

பார்முலா சரி, தேதி தப்பு

இது கொஞ்சம் நாள் கழித்து நடந்தது. பழைய முன்பதிவுகளை CSV கோப்பாக எடுத்து, அண்ணன் மகனின் லேப்டாப்பில் திறந்தேன். ஜூலை 12 மறுபடியும் "வார விடுமுறை" என்று வந்தது. அதே வெள்ளிக்கிழமை! பார்முலாவில் 2 இருக்கிறது, எல்லாம் இருக்கிறது.

அந்த லேப்டாப்பில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தது, மாதம் முதலில், நாள் அடுத்து. கோப்பில் இருந்த 12/07/2024-ஐ அது டிசம்பர் 7 என்று படித்துவிட்டது. 2024 டிசம்பர் 7 சனிக்கிழமை. WEEKDAY தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. 13/07/2024-க்கோ `#VALUE!` வந்தது, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது, அதனால் அது தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிட்டது.

`#VALUE!` வந்தால் சந்தோஷப்படுங்கள், அது கண்ணுக்குத் தெரிகிற தப்பு. மாதத்தின் முதல் 12 நாள்கள்தான் சத்தமில்லாமல் இடம் மாறும். 12-க்கு மேல் உள்ள தேதிகள் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டியும் மற்றவை வலது ஓரத்திலும் நின்றால், இதுதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். இடம் மாறியவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த உட்காராதீர்கள். தாளை மூடிவிட்டு, கோப்பை Data பகுதியில் From Text/CSV வழியாக மறுபடி கொண்டு வந்து, தேதி நெடுவரிசைக்கு நாள் முதலில் வரும் வட்டார அமைப்பைக் கொடுங்கள். CSV-ஐ இரட்டைக் கிளிக் செய்து திறக்கும் பழக்கத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

நம் ஊர் வழக்கப்படி 12.07.2024 என்று புள்ளி வைத்து வந்த பட்டியலென்றால், எல்லாமே எழுத்தாக நிற்க வாய்ப்பு அதிகம். அதற்கு இது போதும்:

```
=DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2))
```

நாளும் மாதமும் இரண்டிரண்டு இலக்கத்தில் இருந்தால்தான் இது சரிப்படும். 5.7.2024 என்று எழுதியிருந்தால் குழப்பும்.

பின்சேர்க்கை: குவைத்திலிருந்து வந்த கேள்வி

இதைப் படித்த ஒருவர், தான் குவைத்தில் வேலை பார்ப்பதாகவும் அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை என்றும், தனக்கு எந்த எண் சரியாக வரும் என்றும் கேட்டிருந்தார். சிரிப்பாக இருந்தது. நான் தப்பாக எழுதிய அதே பார்முலா அவருக்குச் சரி! வேலை வாரம் ஞாயிறில் தொடங்குவதால் வகை 1-இல் வெள்ளி 6, சனி 7. ஆனாலும் எண்ணை விடாமல் `WEEKDAY(A2,1)>5` என்றே எழுதச் சொன்னேன். தெரிந்துதான் செய்தோம் என்று பின்னால் பார்ப்பவருக்குப் புரியும்.

எக்செல் 2010 முதல் 11-லிருந்து 17 வரையும் வகைகள் உண்டு. 11 என்றால் வாரம் திங்களில் தொடங்கும், 12 செவ்வாயில், இப்படியே 16 சனியில், 17 ஞாயிறில். விடுமுறை முடிந்து வேலை தொடங்கும் கிழமை எதுவோ, அதில் தொடங்கும் வகையை எடுத்தால் இரண்டு நாள் விடுமுறை எப்போதும் 6, 7-இல் வந்து விழும். இல்லாத வகையைக் கொடுத்தால் `#NUM!` வரும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இருப்பவர்கள் பழைய தாளைத் திறந்தால் கவனம். அங்கே அரசு அலுவலகங்கள் 2022 ஜனவரியில் வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டன. 2021-ஐயும் 2022-ஐயும் ஒரே தாளில் வைத்திருந்தால் ஒரே எண் இரண்டுக்கும் பொருந்தாது.

இன்னொரு பின்சேர்க்கை: வங்கிச் சனி

இரண்டாவது, நான்காவது சனி மட்டும் விடுமுறையாக வேண்டும் என்று ஒரு வங்கி ஊழியர் கேட்டார். 2015 செப்டம்பர் முதல் நம் வங்கிகளில் அதுதான் முறை. WEEKDAY-க்கு எத்தனையாவது சனி என்று தெரியாது. தேதி எண்ணை 7-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் அது கிடைக்கும். 13-ஐ 7-ஆல் வகுத்தால் 1.86, மேலே முழுமையாக்கினால் 2, ஆக இரண்டாவது சனி. ஐந்தாவது சனி ஒற்றைப்படை என்பதால் தானாகவே வேலை நாளாகிவிடும்:

```
=OR(WEEKDAY(A2,2)=7,
 AND(WEEKDAY(A2,2)=6,ISEVEN(ROUNDUP(DAY(A2)/7,0))))
```

2024 ஜூலைக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு ஞாயிறோடு 13-உம் 27-உம் TRUE என்று வர வேண்டும், 6-உம் 20-உம் FALSE.

வளைகாப்பு அம்மாவுக்கு அன்றே 2,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறந்தநாள்காரரிடம் கேட்க மனம் வரவில்லை.