புட்டியின் அளவைப் பார்த்து சென்ட் வாங்காதீர்கள்

பாடி மிஸ்ட் என்ற லேசான சென்ட் 250 மில்லியும், ஓ டு பர்ஃப்யூம் என்ற அடர்த்தியான சென்ட் 50 மில்லியும் அருகருகே இருந்தால், பெரிய புட்டிதான் லாபம் என்று கை தானாக நீளும். உள்ளே இருக்கும் வாசனைப் பொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். மிஸ்ட்டில் அது 3 விழுக்காடு என்று வைத்தால் ஏழரை மில்லி. ஓ டு பர்ஃப்யூமில் 18 விழுக்காடு என்றால் 9 மில்லி. சின்னப் புட்டியில்தான் சரக்கு அதிகம். மீதியெல்லாம் பெரும்பாலும் ஆல்கஹாலும் தண்ணீரும்.

நாள் கணக்குக்கு வருவோம். ஒரு அழுத்தலுக்கு ஏறத்தாழ 0.1 மில்லி வெளியேறுகிறது. ஓ டு பர்ஃப்யூம் ஆறேழு மணி நேரம் நிற்பதால் காலையில் நான்கு அழுத்தல் போதும். புட்டி 125 நாள் வரும். மிஸ்ட் ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஒரு முறைக்குப் பத்து அழுத்தலாக நாளுக்கு மூன்று முறை அடித்தால் 83 நாளில் தீர்ந்துவிடும். ஆகவே ஓ டு பர்ஃப்யூமின் விலை மிஸ்ட்டைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் அதுவே மலிவு. பெரும்பாலும் விலை அதைவிடப் பல மடங்கு இருக்கும். அப்போது மிஸ்ட்டே மலிவு; குளித்தவுடன் கொஞ்ச நேரப் புத்துணர்ச்சி மட்டும் போதும் என்றால் அதை வாங்குவதே புத்திசாலித்தனம்.

விழுக்காட்டை மட்டும் நம்புவதும் தவறுதான். 5 முதல் 15 விழுக்காடு வாசனைப் பொருள் கொண்ட ஓ டு டாய்லெட் வகை சென்ட் பொதுவாக மூன்று நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். ஆனால் சந்தனம், பிசின் போன்ற கனமான மணங்கள் மெல்ல ஆவியாகும். எலுமிச்சை, ஆரஞ்சு மணங்கள் சீக்கிரம் பறந்துவிடும். எனவே சந்தன ஓ டு டாய்லெட், எலுமிச்சை ஓ டு பர்ஃப்யூமைவிட நீண்ட நேரம் நிற்கக்கூடும். இன்னொன்று: ஒரே பெயரில் இந்த இரண்டு வகையும் விற்கப்பட்டால், ஒன்று மற்றொன்றின் அடர்த்தியான வடிவம் என்று நினைக்காதீர்கள். பல நேரம் கலவையே வேறு. ஒன்றை முகர்ந்து பிடித்துப்போய் மற்றதை வாங்கி வருந்தியவர்களில் நானும் ஒருவன்.

அத்தர் போன்ற வாசனை எண்ணெயில் நடப்பது வேறு ஏமாற்றம். ஆல்கஹால் ஆவியாகும்போதுதான் மணத்தைக் காற்றில் வீசுகிறது. எண்ணெயில் அந்த உந்துதல் இல்லை. மணம் தோலை ஒட்டியே நாள் முழுதும் கிடக்கும், பக்கத்தில் வருபவருக்கு மட்டும் தெரியும். அறை முழுக்க மணக்கவில்லையே என்று மேலும் மேலும் பூசினால் ஆடையில் கறைதான் மிஞ்சும். மணிக்கட்டிலும் காதின் பின்புறமும் ஒரு துளி போதும்.

எந்த வகையானாலும், ஒரு மணி நேரத்தில் மணம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூக்கு பழகிப்போயிருக்கலாம். ஒரு காகிதத் துண்டில் அடித்து வேறு அறையில் வைத்துவிட்டு, வெளியே போய்வந்து முகர்ந்து பாருங்கள். தோலில் அவ்வளவு நேரம் நிற்காது என்றாலும், மணம் கலைந்ததா, மூக்கு ஏமாற்றியதா என்பது ஓரளவு புரியும்.