கன்வர்ட்டிபிள் பத்திரம்: மாற்று மதிப்பு, பிரீமியம், தரை மதிப்பு கணக்கிடுவது எப்படி?

கன்வர்ட்டிபிள் பத்திரம் என்பது கடன் பத்திரம்தான், ஆனால் வேண்டுமானால் அதைக் கொடுத்துவிட்டுப் பங்காக வாங்கிக்கொள்ளலாம். அதனால் அதன் விலைக்குள் கடனும் இருக்கிறது, பங்கு ஏறும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க மூன்று எண்கள் போதும்.

மைக்ரோஸ்ட்ராடஜி 2024 நவம்பரில் வெளியிட்ட பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். மென்பொருள் நிறுவனம், கடன் வாங்கி பிட்காயினாக வாங்கிக் குவிக்கிறது. மொத்தம் 300 கோடி டாலர், வட்டி 0%, முதிர்வு 2029 டிசம்பர் 1. வட்டியே இல்லாததால் கணக்கு எளிது, கற்றுக்கொள்ள நல்ல பத்திரம்.

முதலில் மாற்று மதிப்பு

வெளியீட்டு ஆவணத்தில் மாற்று விகிதம் என்று ஒரு எண் இருக்கும். இங்கே 1000 டாலர் முகமதிப்புக்கு 1.4872 பங்குகள். விலை நிர்ணயித்த அன்று பங்கின் விலை சுமார் 433.80 டாலர்.

```
1.4872 × 433.80 = 645.15
```

அதாவது அன்றைக்கே மாற்றினால் கையில் வருவது 645 டாலர் மதிப்புள்ள பங்கு. 1000-ஐ 1.4872-ஆல் வகுத்தால் 672.40 வருகிறது, அதுதான் மாற்று விலை. பங்கு அதைத் தாண்டினால்தான் மாற்றுவதில் முகமதிப்பை விட அதிகம் கிடைக்கும்.

அடுத்தது பிரீமியம்

```
(1000 − 645.15) / 645.15 = 55%
```

பங்கை நேரடியாக வாங்காமல் பத்திரம் வழியாக வாங்குவதற்கு 55% கூடுதலாகக் கொடுக்கிறோம். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான்: சந்தையில் பத்திர விலையை 100-க்கு எவ்வளவு என்று சொல்வார்கள், மாற்று விகிதமோ 1000-க்கு. திரையில் 98 என்று இருந்தால் 980 என்று மாற்றிக்கொண்டு பிறகு கணக்குப் போடுங்கள். பிரீமியம் மைனஸ் 80, 90 சதவீதம் என்று வந்தால் இந்தத் தவறுதான் நடந்திருக்கும்.

தரை மதிப்பு

இதில்தான் நிதானம் வேண்டும். பங்காக மாற்றும் உரிமையே இல்லை, வெறும் கடன் என்று வைத்துக்கொண்டால் பத்திரம் என்ன விலை பெறும்? அதற்கு இரண்டு விஷயம் தேவை: பணம் எப்போது திரும்ப வரும், அதே அளவு ஆபத்துள்ள சாதாரணக் கடனுக்குச் சந்தை எவ்வளவு வட்டி கேட்கிறது. இரண்டாவதற்கு அதே நிறுவனத்தின் சாதாரணப் பத்திரங்களைப் பார்க்கலாம், இல்லையென்றால் அதே தரத்தில் உள்ள மற்ற நிறுவனங்களை. இங்கே 10% என்று வைக்கிறேன், அது என் அனுமானம்.

காலத்தை முதிர்வு வரை ஐந்து வருடம் என்று போட்டால்:

```
1000 / 1.10^5 = 621
```

ஆனால் ஆவணத்தை இன்னும் கொஞ்சம் படித்தால், 2028 ஜூன் 1 அன்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து முகமதிப்பை ரொக்கமாகக் கேட்கும் உரிமை முதலீட்டாளருக்கு உண்டு என்று இருக்கிறது. பங்கு விழுந்து கிடந்தால் எவரும் அதைப் பயன்படுத்தத்தான் பார்ப்பார்கள், ஆகவே மூன்றரை வருடத்துக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

```
1000 / 1.10^3.5 = 716
```

ஒரே ஒரு ஷரத்து, 95 டாலர் வித்தியாசம். இந்தக் கணக்குப்படி நாம் கொடுக்கும் 1000-ல் 716 கடனுக்கு, மீதி 284 பங்கு ஏறினால் லாபம் பார்க்கும் உரிமைக்கு. வட்டி தருகிற பத்திரமாக இருந்தால் ஒவ்வொரு வட்டித் தவணையையும் இதேபோல் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றையும் சேர்த்து

பங்கு 800-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்று மதிப்பு 1190. பத்திரம் 1300-க்குக் கைமாறினால் பிரீமியம் 9% தான், பத்திரம் கிட்டத்தட்டப் பங்கு போலவே நடந்துகொள்ளும், தரை மதிப்பு வெகு கீழே இருக்கும்.

பங்கு 150-க்கு விழுந்தால்? மாற்று மதிப்பு 223. பத்திரம் 560-ல் இருந்தால் பிரீமியம் 151%. அதைப் பார்த்து 'அநியாய விலை' என்று ஒதுக்கிவிட வேண்டாம், அந்த நிலையில் பிரீமியத்துக்கு அர்த்தமே இல்லை, தரை மதிப்போடுதான் ஒப்பிட வேண்டும்.

சரி, அந்தத் தரை 716-லேயே நிற்குமா? நிற்காது. இந்த நிறுவனத்தின் சொத்தில் பெரும்பகுதி பிட்காயின். பங்கை 150-க்குத் தள்ளுகிற அதே பிட்காயின் சரிவு, கடனைத் திருப்பிக் கட்டுவார்களா என்ற சந்தேகத்தையும் கிளப்பும். சந்தை 10%-க்குப் பதில் 20% கேட்கத் தொடங்கும்.

```
1000 / 1.20^3.5 = 528
```

நாள் ஒன்றுகூடக் கழியாமலே தரை 716-லிருந்து 528-க்கு இறங்கிவிட்டது. அதனால் தரை மதிப்பை எப்போதும் ஒரே வட்டியில் போடாமல் 8%, 10%, 15%, 20% என்று நான்கைந்து வட்டிகளில் போட்டுப் பாருங்கள். முக்கியமாக, பங்கு பாதியாகும் நாளில் சந்தை எந்த வட்டியைக் கேட்கும் என்று யோசித்து, அந்த எண்ணையே பாதுகாப்பு எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.