‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று எழுதாதீர்கள்: டர்பனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாசல் பலகையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தெருவுக்குத் தெரு பிள்ளை, நாயுடு, கோவிந்தர் என்று பெயர்கள் இருக்கும். முருகன் கோயிலில் காவடி எடுப்பார்கள். ஆனால் அங்கே நிற்கும் அங்கிளிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில்தான் பதில் வரும். சென்னையிலிருந்து இவர்களின் முன்னோரை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் வந்தது 1860-இல். பல தலைமுறை ஆகிவிட்டது, வீட்டு மொழியே ஆங்கிலமாகிவிட்டது. அதனால் ஊரில் ‘நம்ம ஆள்தானே’ என்று தமிழில் சமாளித்த இடங்களிலும் இங்கே ஆங்கிலம்தான்.

வருகிறவர்களில் பலருக்கு இலக்கணம் நன்றாகவே தெரியும். பிழை வருவது ஒரே ஒரு மூலையில்: ஒரு பொருளை ஒருவருக்குக் கொடுக்கும்போது, சொல்லும்போது, அனுப்பும்போது, அந்த ‘ஒருவர்’ வாக்கியத்தில் எங்கே உட்கார வேண்டும் என்பதில்.

தமிழில் இது பிரச்சினையே இல்லை. ‘எனக்குப் புத்தகத்தைக் கொடு’, ‘புத்தகத்தை எனக்குக் கொடு’ இரண்டும் சரி. ‘-க்கு’ ஒட்டிக்கொண்டிருப்பதால் சொல்லை எங்கே தூக்கிப் போட்டாலும் யாருக்கு என்பது மாறாது. ஆங்கிலத்தில் ‘மீ’ என்ற சொல்லில் அந்த ‘-க்கு’ இல்லை. ஆகவே இரண்டு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ‘கிவ் மீ தி புக்’ என்றால் வாங்குபவர் முதலில், பொருள் பிறகு, நடுவில் ‘டு’ கிடையாது. ‘கிவ் தி புக் டு மீ’ என்றால் பொருள் முதலில், வாங்குபவர் கடைசியில், அவர் முன்னால் ‘டு’ கட்டாயம். சென்ட், ஷோ, டெல், லெண்ட், டீச், ஆஃபர், பே ஆகியவையும் இரண்டு வடிவத்துக்கும் இடம் கொடுக்கும்.

இரண்டும் சரி என்றால் எதைச் சொல்வது? நீளமானது கடைசியில் போகும், அவ்வளவுதான். ‘கிவ் மீ தி புக் யூ பாட் இன் பைன்டவுன்’ என்பது இயல்பு, ஏனென்றால் புத்தகத்தோடு ஒரு வால் தொங்குகிறது. ‘கிவ் தி புக் டு தி பாய் ஹூ லிவ்ஸ் அப்ஸ்டேர்ஸ்’ என்பதும் இயல்பு, இங்கே வால் பையனுக்கு. பொருள் வெறும் ‘இட்’ ஆகச் சுருங்கிவிட்டால் ‘கிவ் இட் டு மீ’ என்றே எழுதுங்கள். ‘கிவ் மீ இட்’ என்று பேச்சில் சிலர் சொல்வார்கள். கடிதத்தில் வேண்டாம்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான் வருகிறது. ‘கிவ் மீ’ வரும், ‘டெல் மீ’ வரும், ‘ஷோ மீ’ வரும், அப்படியானால் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’யும் வரும் என்று மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது. ‘எனக்கு விளக்குங்கள்’ என்ற தமிழும் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆனால் எக்ஸ்ப்ளெயின் ‘டு’ வடிவத்தை மட்டும்தான் ஏற்கும்: ‘எக்ஸ்ப்ளெயின் தி ரூல் டு மீ’. அதே குணம் உள்ளவை டிஸ்கிரைப், சஜெஸ்ட், ரிப்போர்ட், ரிட்டர்ன், டொனேட், டெமான்ஸ்ட்ரேட், இன்ட்ரட்யூஸ், அனௌன்ஸ்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் நல்லது. கிவ், சென்ட், டெல், ஷோ, லெண்ட் எல்லாம் ஆங்கிலத்தின் பழைய குடும்பச் சொத்து, பெரும்பாலும் ஒரே அசை. எக்ஸ்ப்ளெயின், டிஸ்கிரைப், டொனேட் போன்றவை லத்தீனிலிருந்தும், 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும் வந்து சேர்ந்தவை. வந்தவை பழைய வீட்டு வழக்கத்துக்குள் முழுதாக நுழையவில்லை. காதால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று பாருங்கள். ஆஃபர், ப்ராமிஸ் இரண்டும் லத்தீன் வழி வந்தவைதான், ஆனால் அழுத்தம் முதல் அசையில், அதனால் ‘ஆஃபர் மீ எ ஜாப்’ சரி. எக்ஸ்ப்ளெயின், ரிப்போர்ட், ரிட்டர்ன் ஆகியவற்றில் அழுத்தம் இரண்டாம் அசையில், அதனால் ‘மீ’ ஒட்டாது.

இந்த வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘அசைன் மீ எ டாஸ்க்’ சரிதான், அழுத்தம் இரண்டாம் அசையில் இருந்தாலும். எதிர்ப்பக்கத்தில் ‘சே’ ஓரசைப் பழைய சொல், இருந்தும் ‘சே மீ’ தவறு. ‘சே இட் டு மீ’ அல்லது ‘டெல் மீ’ என்றுதான் வர வேண்டும். எப்படிச் சொன்னார் என்று குரலைக் காட்டும் விஸ்பர், ஷவுட் போன்றவையும் அப்படித்தான்: ‘ஷி விஸ்பர்ட் இட் டு மீ’. மென்ஷனும் ‘டு’ கேட்கும். ஆகவே அழுத்தத்தைச் சந்தேகம் வரும்போது ஒரு துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சட்டமாக அல்ல.

தலைகீழான கூட்டமும் ஒன்று இருக்கிறது, சிறியது. இவை ‘டு’வை உள்ளேயே விடாது. ‘இட் காஸ்ட் மீ டூ ஹண்ட்ரட் ரேண்ட்’ சரி, ‘காஸ்ட் டூ ஹண்ட்ரட் ரேண்ட் டு மீ’ இல்லை. போக்குவரத்துப் போலீஸ் அபராதம் போட்டால் ‘தே ஃபைன்ட் மீ ஃபைவ் ஹண்ட்ரட் ரேண்ட்’. ‘ஆஸ்க்’ கூட இங்கேதான். ‘என்னிடம் கேளுங்கள்’ என்று நினைத்து ‘ஆஸ்க் டு மீ’ என்று சொல்வது நம்மிடம் அடிக்கடி கேட்கும் பிழை. ‘ஆஸ்க் மீ’ போதும்.

இடத்தையும் ஆளையும் பிரித்துப் பார்க்கவும் மறக்க வேண்டாம். ‘சென்ட் மை ப்ரதர் தி பார்சல்’ எனலாம், தம்பி அதை வாங்கி வைத்துக்கொள்வான். ‘சென்ட் டர்பன் தி பார்சல்’ என்று சொல்ல முடியாது, ஊர் எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாது. அங்கே ‘சென்ட் தி பார்சல் டு டர்பன்’ ஒன்றுதான். ஊர்ப் பெயர் அங்கிருக்கும் அலுவலகத்தைக் குறித்தால் மட்டும் கதை வேறு.

இதெல்லாம் உண்மையில் கடிக்கும் இடம் வாடகை வீடு. ஓவர்போர்ட்டில் ஒரு ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு, டெபாசிட் குறைந்து வந்ததைப் பற்றி வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அந்த டெபாசிட் வட்டி தரும் கணக்கில் இருந்திருக்க வேண்டும். வட்டியையும் கேளுங்கள்.) நம்மவர் எழுதும் முதல் வரி இப்படி இருக்கும்: ‘ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் மீ தி டிடக்‌ஷன்ஸ்.’ அதை ‘ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் தி டிடக்‌ஷன்ஸ் டு மீ’ என்று மாற்ற வேண்டும். ஆனால் கேள்வி நீளமாக இருந்தால் ‘டு மீ’ கடைசி வரை காத்திருக்காது, முன்னால் வந்துவிடும்: ‘ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் டு மீ வை ட்வெல்வ் ஹண்ட்ரட் ரேண்ட் வாஸ் டிடக்டட்.’ பலர் தவறவிடுவது இதைத்தான். ‘மீ’ முன்னால் வருவது குற்றமில்லை, ‘டு’ இல்லாமல் வருவதுதான் குற்றம்.

அடுத்த வரி சாவியைப் பற்றி. ‘ஐ ரிட்டர்ன்ட் யூ தி கீஸ் ஆன் ஃப்ரைடே’ என்று எழுதாமல் ‘ஐ ரிட்டர்ன்ட் தி கீஸ் டு யூ’ என்று எழுதுங்கள். ‘ஐ கேவ் யூ தி கீஸ்’ என்றாலும் சரி, கிவ் இரண்டையும் தாங்கும். பிளம்பர் வாங்கிய பணத்துக்கு ‘தி பிளம்பர் சார்ஜ்ட் எய்ட் ஹண்ட்ரட் ரேண்ட் டு மீ’ என்று வராது, ‘சார்ஜ்ட் மீ எய்ட் ஹண்ட்ரட் ரேண்ட்’ என்று வரும். கணக்கில் ஏற்றினார்கள் என்றால் மட்டும் ‘சார்ஜ்ட் இட் டு மை அக்கவுண்ட்’.

பிறகு வருவதுதான் படித்தவர்களையும் சறுக்க வைக்கும் வரி: ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் தட் பெயிண்டிங் இஸ் இன்க்ளூடட்.’ செயப்பாட்டு வினையில் ‘ஐ’ முதலில் நிற்க வேண்டுமானால், அந்த வினை ‘மீ’யைத் தனக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். ‘டெல் மீ’ உண்டு, அதனால் ‘ஐ வாஸ் டோல்ட்’ உண்டு. ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ இல்லை, அதனால் ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட்’ என்றால் ‘நான் விளக்கப்பட்டேன்’ என்றாகிவிடும். ‘இட் வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ தட்’ என்று தொடங்குங்கள், அல்லது சிரமமே வேண்டாம், ‘ஐ வாஸ் டோல்ட் தட்’ என்று முடித்துவிடுங்கள். ‘ஐ வாஸ் சஜெஸ்டட் டு கம் டுமாரோ’வும் இதே வியாதி. விசா அலுவலகத்தில் சொல்ல நேர்ந்தால் ‘தே சஜெஸ்டட் தட் ஐ கம் டுமாரோ’ அல்லது ‘ஐ வாஸ் அட்வைஸ்ட் டு கம் டுமாரோ’.

மின்னஞ்சலின் கடைசி வரி ‘ப்ளீஸ் சென்ட் மீ இட் இன் ரைட்டிங்’ என்றிருந்தால் ‘சென்ட் இட் டு மீ’ ஆக்குங்கள். அனுப்பும் முன் ‘மீ’, ‘யூ’, ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘அஸ்’ என்று தேடி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருக்கும் வினையை மட்டும் பார்த்தால் போதும்.

உள்ளூர்ப் பேச்சில் ஒன்று உங்களைக் குழப்பும். ‘பாரோ மீ யுவர் பென்’ என்று பக்கத்து மேசைக்காரர் கேட்பார். புத்தகப்படி பாரோ என்பது வாங்குபவர் செய்வது, பேனாவைத் தருபவர் செய்வது லெண்ட். ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் இரண்டுக்கும் ‘லியன்’ என்ற ஒரே வினைதான், அந்தப் பழக்கமும் இங்கே ஆங்கிலத்துக்குள் வந்து கலந்திருக்கிறது. நீங்கள் எழுதும்போது ‘லெண்ட் மீ’ அல்லது ‘பாரோ ஃப்ரம் யூ’ என்று எழுதுங்கள். அவரைத் திருத்தப் போகாதீர்கள், பேனாவைக் கொடுத்துவிடுங்கள்.