தலைகீழ்க் கூம்புத் தொட்டி: தண்ணீரின் ஆரை எது?

போன கிழமை சாதாரண தர வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். உச்சி கீழே இருக்கும் கூம்புத் தொட்டி, வாயின் ஆரை 60 cm, உயரம் 120 cm. அடியிலிருந்து 60 cm ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. எத்தனை லீற்றர்? பன்னிரண்டு பேரில் ஏழு பேர் 226 லீற்றர் என்று எழுதியிருந்தார்கள். விசுவமடுவில் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் நானும் ஒருநாள் போட்ட அதே 226. பெருக்கல் பிழை, π விடுபட்டது போன்றவற்றைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்து விடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தொட்டியின் ஆரையைத் தண்ணீருக்குக் கொடுப்பது

ஒரு பழைய நெல் ஆலையிலிருந்து கழித்த தகரக் கூம்பு ஒன்றை அப்பா வாங்கி, அடியை ஒட்டி அடைத்துக் கலவைத் தொட்டியாக வைத்திருந்தார். அளவு மேலே சொன்னதுதான். இலைக்குத் தெளிக்க 100 லீற்றருக்கு 1 கிலோ என்ற கணக்கில் யூரியா கரைக்கச் சொன்னார். தடியை விட்டுப் பார்த்தேன், தண்ணீர் 60 cm. கூம்பின் கனவளவுச் சூத்திரம் தெரியும், வாயின் ஆரையும் தெரியும். இரண்டையும் போட்டேன்:

```
V = (1/3) × π × 60² × 60 ≈ 226 000 cm³ = 226 லீற்றர்
```

இரண்டேகால் கிலோ யூரியாவைக் கொட்டிக் கரைத்தேன். மூன்றாம் நாள் மிளகாய் இலைகளின் நுனியும் ஓரமும் கருகிச் சுருண்டு கிடந்தன. "என்ன தம்பி, கூட்டிப் போட்டியே?" என்று மட்டும்தான் அப்பா கேட்டார். அன்று தொட்டியில் உண்மையில் இருந்தது 56½ லீற்றர். அதற்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் போதும். நான் போட்டது அதன் நான்கு மடங்கு.

ஏன் நான்கு மடங்கு? தண்ணீரும் ஒரு கூம்பாகத்தான் நிற்கிறது. ஆனால் அது தொட்டியைவிடச் சிறிய கூம்பு. 60 cm ஆழத்தில் தொட்டி எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் தண்ணீரின் அகலம். தொட்டியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதாக நினைத்து வரைந்தால் பெரிய முக்கோணிக்குள் சிறிய முக்கோணி தெரியும். இரண்டும் இயல்பொத்தவை. அதனால் தண்ணீரின் ஆரை r, ஆழம் h என்றால்:

```
r / h = 60 / 120   →   r = h / 2
h = 60 cm  →  r = 30 cm
V = (1/3) × π × 30² × 60 ≈ 56 500 cm³ = 56.5 லீற்றர்
```

ஆரை பாதியானதும் அதன் வர்க்கம் காற்பங்காகிறது. பிழை நான்கு மடங்காவது அங்கேதான்.

பிள்ளைகளிடம் ஏன் 60 எடுத்தீர்கள் என்று கேட்டால், "சேர், அதுதானே கேள்வியில தந்திருக்கு" என்பார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். தந்திருப்பது வாயின் ஆரை. தண்ணீர் வாயைத் தொடவே இல்லை, 60 cm கீழே நிற்கிறது. 226 என்ற விடையை நம்பினால், அந்த ஆழத்திலேயே தண்ணீர் 120 cm விட்டத்துக்குப் பரந்து கிடக்க வேண்டும். அந்த இடத்தில் தொட்டியின் உள்விட்டமே 60 cm தான். எண்களைப் போடுமுன் படத்தில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு கீறி, அதன் மேல் r என்று எழுதினால் இந்தப் பிழை வராது.

பாதி ஆழம், பாதித் தண்ணீர் என்று நினைப்பது

பாதி ஆழத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். இந்தத் தொட்டியில் பாதித் தண்ணீர் நிற்பது ஏறத்தாழ 95 cm ஆழத்தில்.

தடியைச் சரிவில் சாய்த்து அளப்பது

தொட்டிக்குள் தடியை விட்டால் அது தானாகவே சுவரில் சாயும். சாய்ந்த தடியில் நனைந்த நீளம் 67 cm என்று காட்டும், உண்மையான ஆழமோ 60. ஏழு சென்ரிமீற்றர்தானே என்று விட முடியாது. r ஆழத்தோடு சேர்ந்து மாறுவதால் ஆழம் மும்முறை பெருக்கப்படுகிறது. 67 ஐப் போட்டால் 79 லீற்றர் வரும், இருப்பது 56½. தடியை நடுவில், உச்சிக்கு நேர்மேலே நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

விட்டத்தை அளந்துவிட்டு ஆரை என்று எழுதுவது

பாதியாக்குங்கள்.

ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்குப் போடுவது

வயலில் நின்று சூத்திரம் போடத் தேவையில்லை. இப்போது எங்கள் தடியில் 72.6, 91.4, 104.6, 115.2 cm இல் வெட்டுகள் இருக்கின்றன. அவை முறையே 100, 200, 300, 400 லீற்றர். முதல் நூறுக்கு 72 cm இற்கு மேல் ஏற வேண்டும், கடைசி நூறுக்கு 11 cm கூட இல்லை. வெட்டியபின் வெறும் தொட்டியில் 10 லீற்றர் வாளியால் பத்துத் தரம் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் முதல் வெட்டில் வந்து நின்றது.