மாங்கா அடிக்கிறானா, பந்து வீசுறானா? போன் வீடியோவில் பார்ப்பது எப்படி

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் திருவையாறு பக்கம் தினம் ஒரு மேட்ச் நடக்கும். பந்தை வீசாமல் முழங்கையை நிமிர்த்தி எறிகிறான் என்று தினம் ஒரு "மாங்கா" சண்டையும் நடக்கும். எங்கள் ஆஃப் ஸ்பின்னர் தம்பி மேல் அந்தப் புகார் வந்தபோது இப்படித்தான் பார்த்தோம்.

முதலில் விதி. முழங்கை மடங்கியிருப்பது தப்பில்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும் வரைக்குள் அது நிமிரக் கூடாது. சர்வதேசப் போட்டிகளில் 2005 முதல் 15 டிகிரி வரை நிமிர விடுகிறார்கள். கடைசி நொடியில் முழங்கை விசுக்கென்று நிமிர்ந்தால் ஓட்டமும் தோளும் தராத வேகமும் சுழலும் கிடைத்துவிடும், அதனால்தான் தடை. எறிந்தால் நோ பால், எச்சரிக்கை. மறுபடி எறிந்தால் அந்த இன்னிங்ஸில் அவர் பந்து போட முடியாது.

கையில்லாத பனியன் போட்டு, தோள், முழங்கை, மணிக்கட்டில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள். ஒரு போன் பக்கவாட்டில், இன்னொன்று நேர் பின்னால். இரண்டும் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில். சாதாரண வீடியோ வேண்டவே வேண்டாம், அதில் நமக்கு வேண்டிய இடம் மூணு நாலு படத்தில் ஓடிப்போகும். கை தோள் மட்டத்தில் இருக்கும் படம், பந்து விடுபடும் படம், இரண்டையும் நிறுத்தி மடக்கை அளந்து கழியுங்கள்.

எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். தம்பியைப் பக்கவாட்டில் பார்த்தால் முதல் படத்தில் மடக்கு 30 டிகிரி, விடும்போது கிட்டத்தட்ட நேர். "பாத்தியா, எறியுறான்" என்றார்கள். முன்கையை ஸ்கேலால் அளந்தேன். முதல் படத்தில் 5 செ.மீ., இரண்டாவதில் 4.3. ஒரே கை எப்படிக் குட்டையாகும்? தோள் சுழன்றதில் மடக்கு கேமராவை விட்டுத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். பின்னால் வைத்த போனில் அதே நொடியில் 30 டிகிரி மடக்கு அப்படியே இருந்தது. அதாவது முழங்கை நிமிரவே இல்லை. ஆகவே மேல்கையோ முன்கையோ குட்டையாகத் தெரியும் படத்தை நம்பாதீர்கள், அடுத்த கேமராவைப் பாருங்கள். பிறவியிலேயே கை முழுதாக நீளாத முரளிதரனின் பந்துவீச்சு பலருக்கு எறிவதாகத் தெரிந்ததற்கும் இந்தத் தோற்றம் ஒரு காரணம்.

போனில் 14-ஆ 16-ஆ என்று பிரிக்க முடியாது, அதற்குப் பல கேமரா வைத்த ஆய்வகம் வேண்டும். கை குட்டையாகத் தெரியாத படங்களிலேயே 25, 30 டிகிரி நிமிர்ந்தால் மட்டும் பையனிடம் பேசுங்கள்.

பிற்சேர்க்கை: "என் முழங்கை நேர்கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் வளையுதுண்ணே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அப்படிப் பின்னால் வளைவது 15 டிகிரி கணக்கில் சேராது. நேராகும் வரை உள்ளதை மட்டும் அளங்க.