டிஸ்சார்ஜ் தாளில் 6/52 என்றால்

பக்கத்து பிளாக் ஆன்ட்டி, அங்கிளின் டிஸ்சார்ஜ் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, தமிழில் சொல்லச் சொன்னார். பிசோப்ரோலால் என்ற இதய மருந்தின் அளவு, தாளின் மடிப்பில் 25 போலத் தெரிந்தது. அவ்வளவு அதிகம் தரமாட்டார்களே! மருந்து உறையையும் படமெடுக்கச் சொன்னேன், 2.5 மில்லிகிராம்தான். பக்கத்தில் 'ஓ.எம்.', அதாவது தினமும் காலையில்.

பழைய அட்டெனோலாலை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அது இன்னும் மீதி இருந்தது. இரண்டும் ஒரே வகை, சேர்த்துச் சாப்பிட்டால் நாடித்துடிப்பு ஆபத்தாகக் குறையலாம் என்று விளக்கி, தனியே எடுத்துவைக்கச் சொன்னேன். மருந்தாளரும் போனில் அதையே உறுதிசெய்தார்.

அப்புறம், மறுபரிசோதனைக்கு 6/52. அது தேதியல்ல, 6 வாரம். 6/12 என்றால் 6 மாதம்; 6/7 என்றால் 6 நாள்.