ஆர்சி சுற்றில் செவ்வகத் துடிப்பு: கன்வல்யூஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் மாலை வேளைகளில் என்னிடம் சிக்னல்ஸ் பாடம் படிக்க வரும் மாணவர்களில் பலர் கன்வல்யூஷன் சூத்திரத்தைத் தடுமாறாமல் எழுதிவிடுகிறார்கள்; அவர்கள் தவறுவது பெரும்பாலும் தொகையீட்டின் எல்லைகளில்தான்.

1 கிலோ ஓம் மின்தடையும் 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் தொடராக உள்ள சுற்றுக்கு, 2 மில்லி விநாடி நீடிக்கும் 5 வோல்ட் துடிப்பைக் கொடுத்து, மின்தேக்கியின் குறுக்கே வெளியீட்டை அளப்பதாகக் கொள்வோம். மின்தேக்கியில் தொடக்கத்தில் மின்னூட்டம் இல்லை. இச்சுற்றின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் இது:

h(t) = (1/RC) e^(−t/RC) u(t)

இங்கு RC 1 மில்லி விநாடி. நேரத்தை மில்லி விநாடியில் எழுதினால் முன்னால் நிற்கும் 1/RC என்பது 1 ஆகிவிடுவதால், அதை மறந்தாலும் விடை சரியாகவே வந்து, தவறு மறைந்துகொள்ளும். மின்தடையை 2 கிலோ ஓமாக மாற்றி, நீண்ட நேரம் நீடிக்கும் 5 வோல்ட்டைக் கொடுத்துக் கணக்கிட்டால், வெளியீடு 10 வோல்ட்டை நோக்கிச் செல்வதாக வரும். மின்தேக்கியும் மின்தடையும் மட்டுமே உள்ள இச்சுற்றில் அது நடக்காது. h(t)-இன் கீழுள்ள பரப்பு 1 தானா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

துடிப்பு நீடிக்கும் வரை எல்லைகள் 0 முதல் t வரை; விடை 5(1 − e^(−t)). இதில் சிக்கல் எதுவும் இல்லை. t = 2 ஆகும்போது 4.32 வோல்ட் கிடைக்கிறது.

துடிப்பு முடிந்த பிறகும் மேல் எல்லையை t என்றே வைத்திருப்பதுதான் அடிக்கடி நேரும் பிழை. உள்ளீடு 2-க்குப் பின் சுழியம் என்பதால் தொகையீடு அங்கேயே நின்றுவிட வேண்டும்:

y(t) = ∫₀² 5 e^(−(t−λ)) dλ = 5(e² − 1) e^(−t), t > 2

இதில் வரும் 31.95 என்ற கெழுவைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை; t = 2 என்று இட்டால் அதே 4.32 வோல்ட்டும், t = 3 என்று இட்டால் 1.59 வோல்ட்டும் வரும். மேல் எல்லையை மாற்றாதவர்களுக்கோ 3-ஆவது மில்லி விநாடியில் 4.75 வோல்ட் வருகிறது, அதாவது உள்ளீடே இல்லாமல் மின்தேக்கி மின்னேற்றம் பெற்றுக்கொண்டிருக்கிறது! இரண்டாம் பகுதியை 5e^(−(t−2)) என்று நேரடியாக எழுதிவிடுபவர்களுக்கு, t = 2-இல் வெளியீடு 4.32-இலிருந்து 5-க்குத் தாவுகிறது. மின்தேக்கியின் மின்னழுத்தம் இச்சுற்றில் அப்படித் தாவ வழியில்லை.

h-ஐத் திருப்பாமல் உள்ளீட்டைத் திருப்பிக் கணக்கிடுபவர்கள், துடிப்புக்குப் பிந்தைய எல்லைகளை t − 2 முதல் t வரை என்று மாற்றியாக வேண்டும். பழைய 0, 2 எல்லைகளையே h(λ)-க்கு வைத்தால் வெளியீடு என்றென்றும் 4.32-இலேயே நின்றுவிடும்.

ஆய்வகத்தில் சரிபார்க்கும்போது, துடிப்பு முடிந்ததும் மூலம் 0 வோல்ட்டில் சுற்றோடு இணைந்தே இருக்க வேண்டும். 5 வோல்ட் மூலத்தைச் சுவிட்ச் போட்டு, 2 மில்லி விநாடியில் துண்டித்துவிட்டால் மின்தடை வழியாக மின்னிறக்கம் நடக்கப் பாதையே இருக்காது. அப்போது அலைநோக்கியில் 4.32 வோல்ட், அளவியின் சொந்தத் தடை வழியாகவே மெல்லக் குறையும்.